இன்னும் கொஞ்சம் ரசம் இருக்கிறதா?

கண்ணு,

நீ அனுப்பிய முதல் மூன்று பக்கங்களையும் படித்தேன். விருந்துக்குப் புறப்பட்டு நிற்கும் மனைவியைப் பார்த்துக் கணவன் ஆங்கிலத்தில் 'யூ லுக் லவ்லி டுநைட்' என்கிறான். நீ அதை 'நீ இன்றிரவு மிகவும் அழகாகக் காணப்படுகிறாய்' என்று எழுதியிருக்கிறாய். சிரித்துவிட்டேன். உன்னை நினைத்து அல்ல. நாற்பது வருஷத்துக்கு முன்னால் என் முதல் மொழிபெயர்ப்பில் நானும் கிட்டத்தட்ட இதே வாக்கியத்தை எழுதினேன். காணாமல் போனவர்களைப் பற்றிய அறிவிப்பில்தான் நம் ஊரில் மனிதர்கள் 'காணப்படுவார்கள்' என்று அப்போது என்னிடம் சொல்ல ஆளில்லை.

கொலையையும் வழக்கையும் போரையும்கூடத் தமிழில் கொண்டுவந்துவிடலாம். 'சாப்பாடு நன்றாக இருக்கிறது', 'அழகாக இருக்கிறாய்' என்ற இரண்டைக் கொண்டுவருவதில்தான் நான் அதிகம் சறுக்கியிருக்கிறேன். சறுக்கிய இடங்களை வரிசையாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. சொல்லைப் பார்ப்பதற்கு முன் அறையைப் பார். யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், பக்கத்தில் யார் நிற்கிறார்கள். ஒரு நாவலில் கணவனின் நண்பன் வீட்டுக்குள் நுழைந்ததும் கதவைத் திறந்த மனைவியிடம் அவள் அழகாக இருப்பதாகச் சொல்வான். ஆங்கிலத்தில் அது கோட்டைக் கழற்றி மாட்டுவது மாதிரி, உள்ளே வரும்போது செய்கிற ஒரு மரியாதை. நான் 'நீங்க ரொம்ப அழகா இருக்கீங்க' என்று எழுதினேன். புத்தகம் வந்தபின் ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார்: 'அந்த நண்பன் கடைசிவரை மாட்டிக்கொள்ளவே இல்லையே, ஏன்?' நாவலில் அப்படி ஒரு விவகாரமே கிடையாது. அந்த ஒரு வரியில் நானே உண்டாக்கிவிட்டேன்.

பிறகுதான் புரிந்தது. தமிழில் ஆண் ஒருவன் நண்பனின் மனைவியைப் புகழ வேண்டுமென்றால், புகழ்ச்சி ஆளை விட்டு ஆடைக்கு நகர்ந்துவிடும். 'இந்த நிறம் உங்களுக்கு எடுப்பா இருக்கு' என்றால் வாசலில் நிற்கிற கணவனும் சேர்ந்து தலையாட்டுவான். இன்னும் கொஞ்சம் விலகிப் போகவேண்டுமானால் கேள்வியாகிவிடும்: 'என்ன, இன்னைக்கு ஏதும் விசேஷமா?' ஆள், ஆடை, கேள்வி என்று மூன்று படி. உறவு நெருங்க நெருங்க மேல்படிக்குப் போகலாம். ஒன்றை மட்டும் மறக்காதே: ஆசிரியர் அந்த இடத்தில் ஒரு பொறியைத் தட்டத்தான் நினைத்திருக்கிறார் என்றால், நீ பயந்துபோய் ஆடைக்கு நகர்த்தினால் அவருடைய கதையைக் கெடுத்தவன் ஆவாய். அதற்கு முழு நாவலையும் படித்துவிட்டு உட்காரவேண்டும். நான் அப்போது அத்தியாயம் அத்தியாயமாகப் படித்துப் படித்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். சோம்பல்தான், வேறென்ன.

2. நாணயத்தின் உலோகத்தைப் பார்க்காதே, அதற்குக் கடையில் என்ன கிடைக்கும் என்று பார். ஜோன் மேனஸ், நெஸ்ஸா உல்ஃப்சன் என்ற இரண்டு அமெரிக்க மொழியியலாளர்கள் அன்றாடப் பேச்சில் விழுந்த பாராட்டுகளை ஏறக்குறைய 700 திரட்டி ஆராய்ந்து 1981-இல் எழுதினார்கள். அவற்றில் பாதிக்கு மேல் ஒரே வார்ப்பு: இன்னது இப்படி இருக்கிறது, அல்லது இப்படித் தெரிகிறது. பெயரடைகளில் மூன்றில் இரண்டு பங்கு ஐந்தே சொற்கள்: நைஸ், குட், பியூட்டிஃபுல், பிரெட்டி, கிரேட். அதாவது அந்த ஊரில் பாராட்டு என்பது கை மாறிக் கை மாறித் தேய்ந்துபோன சில்லறை. கொடுப்பவரும் எண்ணுவதில்லை, வாங்குபவரும் எண்ணுவதில்லை.

நம் 'அழகு' இன்னும் அப்படித் தேயவில்லை. பேச்சில் ஒரு மனிதர் இன்னொரு மனிதரை நேருக்கு நேர் பார்த்து 'நீ அழகு' என்றால் அதற்கு எடை உண்டு. அவர்களுடைய சில்லறைக்கு ஈடாக நீ பொன்னை எடுத்து வைத்தால் கொடுப்பவன் வழிகிறவனாகத் தெரிவான். எனவே 'பியூட்டிஃபுல்' என்று வந்த இடத்திலெல்லாம் 'அழகு' என்று போடாதே. நம்மிடம் வேறு சில்லறை இருக்கிறது: நல்லா இருக்கு, பாந்தமா இருக்கு, எடுப்பா இருக்கு, உனக்குப் பொருந்துது, முகத்துல களை வந்திருக்கு. 'ஐ லவ் யுவர் ஹேர்' என்பதை ஒரு பையன் 'உன் முடியை நான் நேசிக்கிறேன்' என்று மொழிபெயர்த்து என்னிடம் கொண்டுவந்தான். ஆங்கிலத்தில் 'நான்' எழுவாயாக நிற்கிறது. தமிழில் பிடிப்பது என்பது நான் செய்கிற காரியம் இல்லை, எனக்கு நேர்கிற காரியம். 'எனக்குப் பிடிச்சிருக்கு' என்று 'கு' போட்டுச் சொல்லும்போதே குரல் பாதி தணிந்துவிடும். அந்த இடத்தில் அதுகூட வேண்டாம். 'முடி வெட்டினியா? நல்லா இருக்கு' போதும்.

3. 'மிகவும்' என்ற சொல்லை ஆறு மாதத்துக்கு உன் மேசையிலிருந்து எடுத்துவிடு. யாரும் பேசும்போது அதைச் சொல்வதில்லை. வியப்பைக் கூட்ட நமக்கு 'என்ன' இருக்கிறது: 'என்ன வாசனை!' தேற்றத்துக்கு ஏகாரம் இருக்கிறது. உயிரை நீட்டினாலே போதும் என்கிற நிலையும் உண்டு, அதை அச்சில் காட்டுவது கஷ்டம்.

4. சாப்பாட்டைப் புகழ்வது வாய் அல்ல, கை. என் மாமனார் ஐம்பது வருஷம் ஒரே கையால் சமைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டார். 'நல்லா இருக்கு' என்று ஒரு நாள் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் ரசம் அமைந்துவிட்ட நாளில் இலையிலிருந்து தலையைத் தூக்காமல் 'இன்னும் கொஞ்சம் ரசம் இருக்கா?' என்பார். மாமியார் முகத்தைப் பார்க்கவேண்டும். அடுப்படிக்குள் வந்து என்னிடம், 'இன்னைக்குப் புளி சரியா நின்னுருக்கு' என்பார். மாமியாருக்குக் கிடைத்த பாராட்டு எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தாயா? ஆளுக்கு அல்ல, புளிக்கு.

ஆங்கில நாவலில் விருந்தாளி ஒருவன் முதல் வாய் போட்டதும் 'டெலிஷியஸ்' என்பான். அகராதியில் 'சுவையான' என்று இருக்கும். 'மிகவும் சுவையாக இருக்கிறது' என்று எழுதினால் மசாலாப் பொடி விளம்பரத்தில் மாப்பிள்ளை பேசுகிற மாதிரி ஆகிவிடும். தட்டில் என்ன இருக்கிறது என்று பார். கேக் என்றால் 'பஞ்சு மாதிரி இருக்கு'. அடுப்பில் மணிக்கணக்காக வாட்டிய இறைச்சி என்றால் 'என்னமா வெந்திருக்கு!' சூப் என்றால் 'தொண்டைக்கு இதமா இருக்கு'. தமிழ்நாக்கு பதத்தைச் சொல்லிப் புகழும். பொதுவாகச் சுவை என்று சொன்னால் சாப்பிடாமலே சொன்னதாகப் படும்.

இதில் ஒரு வேலி உண்டு. ஆசிரியர் சொல்லாத பண்டத்தை நீ தட்டில் வைக்கக்கூடாது. இரண்டு பக்கம் முன்னால் அடுப்பிலிருந்து எடுத்த இறைச்சி கடினமாக இருந்தது என்று அவரே எழுதியிருந்தால், விருந்தாளி சொன்ன 'டெலிஷியஸ்' பொய். அந்தப் பொய்யை 'என்னமா வெந்திருக்கு' என்று எழுதினால் அது கேலியாகிவிடும். அங்கே மட்டும் உன் விளம்பரத்தமிழ் உதவும். 'ரொம்ப சுவையா இருக்குங்க' என்று அவனைச் சொல்லவிடு. வாசகருக்குப் பொய் கேட்கும்.

5. ஒரு பாராட்டு ஏன் குத்தியது என்று தெரியாமல் அதை மொழிபெயர்க்காதே. இந்த ஒன்றுக்காக எனக்குச் சில வருஷங்கள் ஆனது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஜேன் ஆஸ்டன் 1813-இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் காலின்ஸ் என்ற பாதிரியார் பென்னெட் குடும்பத்து வீட்டுக்கு வருகிறார். ஐந்து பெண்கள் இருக்கிற வீடு. அவர்களில் ஒருத்தியை மணந்துகொள்ளும் எண்ணத்தோடுதான் வந்திருக்கிறார். கூடத்தைப் புகழ்கிறார், சாமான்களைப் புகழ்கிறார். சாப்பாடு வந்ததும் அதையும் புகழ்ந்து, இந்தச் சமையல் என் உறவுக்காரப் பெண்களில் யாருடைய கைவேலை என்கிற பொருளில் கேட்கிறார். பென்னெட் அம்மாளுக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது. நல்ல சமையல்காரி வைத்துக்கொள்கிற வசதி உள்ள வீடு இது, பெண்களுக்குச் சமையலறையில் வேலை கிடையாது என்று திருத்துகிறாள். காலின்ஸ் மன்னிப்புக் கேட்கிறார். அவள் பரவாயில்லை என்று தணிந்த பிறகும் கால் மணி நேரம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பழகிப் பார்க்கலாம் என்று நான் எனக்காகவே அந்தப் பக்கங்களை மொழிபெயர்த்தேன். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. தங்கையிடம் படித்துக் காட்டினேன். அவள் கேட்டாள்: 'நல்லாத்தானே கேட்டார் மனுஷன்? அந்தம்மா எதுக்குக் கோவிச்சுக்குது?'

அவள் கேட்டதில் தப்பில்லை. நம் ஊரில் பெண் பார்க்க வருகிறார்கள். கேசரியும் பஜ்ஜியும் வருகிறது. 'எல்லாம் பொண்ணே செஞ்சது' என்று அம்மா தானாகவே சொல்வாள். அது கடையில் வாங்கியதாக இருந்தாலும் சொல்வாள். மாப்பிள்ளையாக வரப்போகிறவன் 'எந்தப் பொண்ணோட கைப்பக்குவம் இது?' என்று கேட்டால் அந்த வீட்டில் வேறு பேச்சே வேண்டாம், தேதி குறித்துவிடலாம். ஆஸ்டனுடைய இங்கிலாந்தில், அந்த அந்தஸ்தில் இருக்கிற வீட்டில், பெண் அடுப்படிக்குப் போகிறாள் என்றால் ஆள் வைக்கக் காசில்லை என்று பொருள். ஒரே கேள்வி, இங்கே மாலை, அங்கே அறை.

முதலில் அடிக்குறிப்புப் போட்டேன். மூன்று வரிக் குறிப்பு. படிக்கிறவர் கீழே போய்ப் பாடம் படித்துவிட்டு மேலே வருவதற்குள் சிரிப்பு ஆறிப்போயிருந்தது. அடுத்து, காலின்ஸின் கேள்வியையே கொஞ்சம் அசட்டுத்தனமாக மாற்றினேன், கோபத்துக்கு நியாயம் இருக்கட்டும் என்று. அது அவருக்குச் செய்த அநியாயம். அவர் மனதில் அது மிக நேர்த்தியான பாராட்டு. அவர் நேர்த்தியாகச் சொன்னதால்தான் அடி பலமாக விழுகிறது.

கடைசியில் கேள்வியைத் தொடாமல் விட்டேன். 'கைப்பக்குவம்' என்ற நல்ல சொல்லையே அவர் வாயில் போட்டேன். தமிழ் வாசகர் தலையாட்டட்டும், காலின்ஸ் தன்னையே மெச்சிக்கொள்வதுபோல. வேலையை எல்லாம் பென்னெட் அம்மாளின் பதிலில் வைத்தேன். 'சமையலறை' என்று முதலில் எழுதியிருந்ததை 'அடுப்படி' ஆக்கினேன், அவள் வாயில் அது கரியும் புகையுமாகக் கேட்கவேண்டும் என்று. 'வசதி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'வக்கு' போட்டேன். ஆள் வைக்க வக்கில்லாத வீடு என்று நினைத்தீரா என்கிற தொனி வந்ததும் தங்கை 'அட, காசில்லாத வீடுன்னு நெனச்சுட்டார்னு கோவமா!' என்று சிரித்தாள். குறிப்பு வேண்டியிருக்கவில்லை. பாராட்டின் பொருள் தெரியாத இடத்தில், அதனால் பட்ட காயத்தைச் சரியாக எழுது. காயத்தைப் பார்த்து ஆயுதத்தை வாசகரே கண்டுபிடித்துக்கொள்வார்.

அதே இடத்தில் இன்னொரு தப்பும் செய்தேன். அந்தப் பெண்களை ஆஸ்டன் 'ஃபேர்' என்கிறார். நான் 'சிவந்த நிறத்து' என்று எழுதிவிட்டேன். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் பெண்களைக் குறிப்பிடுகிற மரியாதையான அடைமொழி, அழகிய என்பதுபோல. நிறத்தோடு அதற்கு அங்கே வேலையில்லை. நான் நம் ஊர்க் கல்யாணத் தரகரின் காதை வைத்துக்கொண்டு படித்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

6. முகஸ்துதி முகஸ்துதியாகவே இருக்கட்டும். அடுத்த அத்தியாயத்தில் பென்னெட் காலின்ஸிடம், இந்த மாதிரிப் பாராட்டுகள் அந்தந்த நேரத்தில் தோன்றுபவையா, முன்னமே யோசித்து வைப்பவையா என்று கேட்கிறார். காலின்ஸ் கூச்சமே இல்லாமல், ஓய்வு நேரத்தில் சிலவற்றைத் தயாரித்து வைப்பதுண்டு, ஆனால் சொல்லும்போது தயாரித்ததாகத் தெரியாமல் பார்த்துக்கொள்வேன் என்கிறார். அப்படிப்பட்டவர் பேச்சை நீ இயல்பாக ஆக்கினால் நாவல் போயிற்று. அவர் சொல்கிற ஒவ்வொன்றிலும் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி ஒரு மொடமொடப்பு வேண்டும். வடமொழிச் சொல் ஒன்றிரண்டு கூடுதலாகப் போடு, வாக்கியத்தை ஒரு சுற்று நீட்டு.

அதே புத்தகத்தில் டார்சி இருக்கிறார். முதல் நடன விருந்தில் பென்னெட் வீட்டுப் பெண் எலிசபெத்தைப் பற்றி, சுமார்தான், என்னைக் கவரும் அளவுக்கு இல்லை என்கிற மாதிரி சொன்னவர், சில நாள் கழித்து அவளுடைய கண்கள் நன்றாக இருப்பதைப் பற்றிப் பேசுகிறார். அதுவும் அவளிடம் அல்ல, தன்னை விரும்புகிற இன்னொரு பெண்ணிடம். ஆஸ்டன் அங்கே போட்டிருக்கும் பெயரடை 'ஃபைன்'. மிகச் சாதாரணமான சொல். என் முதல் கையெழுத்துப் படியில் அது 'கயல்விழி'. என்ன செய்வது, பள்ளியில் படித்த செய்யுளெல்லாம் கை விரலில் வந்து நின்றது. டார்சி கயல்விழி என்று சொல்லக்கூடியவராக இருந்தால் அந்த நாவல் இருபது பக்கத்தில் முடிந்திருக்கும். 'நல்ல கண்கள்' என்றே எழுது. சிக்கனமானவன் வாயில் வருகிற ஒரு 'நல்ல', கவிஞன் வாயில் வருகிற பத்துக் கயலுக்குச் சமம். நம் மொழியில் வர்ணனைக்குப் பஞ்சமில்லை என்பதுதான் உனக்கு வரப்போகிற பெரிய சோதனை. அழகாக எழுத வருகிறது என்று காட்டிக்கொள்ளத் தோன்றும். யார் பேசுகிறார் என்பதை மறந்து நீ பேசத் தொடங்கிவிடுவாய்.

7. ஒரு ஊரில் பாராட்டு, இன்னொரு ஊரில் நோய் விசாரிப்பு. 'இளைத்துவிட்டாயே!' என்பது நியூயார்க்கில் முகம் மலரவைக்கிற சொல். என் அத்தை அதைச் சொன்னால் அடுத்த கேள்வி 'உடம்புக்கு என்ன?' என்பதுதான். அவள் புகழ்ந்தால் 'பூசினாப்ல இருக்கே' என்பாள், அதை ஆங்கிலத்தில் யாரிடமும் சொல்லிவிடாதே. ஆங்கிலத்திலிருந்து வரும்போது நான் 'இளைத்து' என்ற சொல்லை விட்டுவிட்டு, 'உடம்பு சிக்குன்னு இருக்கு' என்று எழுதுவேன். சொல்கிறவள் வயதானவள் என்றால் அதுவும் ஒத்துவராது. அப்போது 'என்ன, வயசு குறைஞ்சுக்கிட்டே போகுது?' என்று வேறு வழியில் நுழைவேன். எடை போய்விட்டது, வயது வந்துவிட்டது. ஆனால் கேட்டவள் கண்ணாடியைப் பார்க்கப் போவாள், அதுதானே வேண்டும். அடுத்த பத்தியில் அவள் எடை குறைக்கப் பட்டினி கிடந்த கதை வருகிறது என்றால் இந்த மாற்றம் செல்லாது. முன்னும் பின்னும் பத்துப் பக்கம் பார்த்துவிட்டு மாற்று.

8. பதிலையும் சேர்த்து எடு. பாராட்டுத் தனியாக வருவதில்லை, அதற்கு ஒரு பதில் தொடர்ந்து வரும். அனிதா பொமெரன்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1978-இல் எழுதினார்: பாராட்டப்பட்டவர் இரண்டு கட்டாயங்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறார். சொன்னதை ஒத்துக்கொள்ளவேண்டும், தன்னையே புகழ்ந்துகொள்ளவும் கூடாது. ஆங்கிலத்தில் ஒரு 'தேங்க் யூ' அந்த முடிச்சை அவிழ்த்துவிடும். நம்மிடம் 'நன்றி' இருந்தும் வீட்டுக்குள் அது செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி. 'அட போங்க', 'இதா? போன தீபாவளிக்கு எடுத்தது', 'உப்பு ஒரு கல் கம்மி, நீங்க நல்லாருக்குன்னு சொல்றீங்க', 'இன்னொரு கரண்டி போடட்டுமா?' என்று பாராட்டைக் கீழே விழாமல் பிடித்து வேறு இடத்தில் வைத்துவிடுவோம்.

இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் கொஞ்ச காலம் எல்லா 'தேங்க் யூ'வையும் 'அட போங்க' ஆக்கினேன். ஒரு நாவலில் கதாநாயகி தன்னம்பிக்கை உள்ள வழக்கறிஞர். யார் என்ன பாராட்டினாலும் நிமிர்ந்து பார்த்து நன்றி சொல்லி நகர்ந்துவிடுவாள். அதுதான் அவளுடைய குணமே. என் தமிழில் அவள் பக்கத்துக்குப் பக்கம் நெளிந்தாள். பதிப்பகத்தில் கையெழுத்துப் படியைப் பார்த்த பெரியவர் ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: 'இவளுக்கு எப்போது முந்தானை முளைத்தது?' அவளுக்கு 'தேங்க்ஸ்' என்பதையே தமிழ் எழுத்தில் விட்டேன். நாம் பேசும்போதும் அதைத்தானே சொல்கிறோம்.

இயல்பாக்குகிறேன் பேர்வழி என்று இங்கிலாந்துக்காரியை மாயவரத்துக்காரி ஆக்கிவிடாதே. வாக்கியம் தமிழாக இருக்கவேண்டும், ஆள் அவளாகவே இருக்கவேண்டும். காதலியின் தாயை அவன் 'மிஸஸ்' போட்டு அழைத்தால் அப்படியே அழைக்கட்டும். 'அத்தை' என்று போட்டால் காதுக்குச் சுகமாக இருக்கும், கல்யாணமும் முடிந்துவிட்டதாகத் தோன்றும்.

9. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிற நாளும் வரும். அங்கே சிக்கல் தலைகீழ். 'என் கண்ணே பட்டுடும் போலிருக்கு' என்று பாட்டி பேத்தியைப் பார்த்துச் சொல்கிறாள். அதற்குள் அழகும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. நேரடியாக அழகு என்று சொன்னால் கண்ணேறு விழும் என்றுதானே சுற்றி வளைக்கிறாள். ஆங்கிலத்தில் வெறும் 'லவ்லி' ஆக்கினால் பயம் உதிர்ந்துவிடும். கண்ணேறு என்று அப்படியே விட்டால் சூனியக்காரி ஆகிவிடுவாள். நான் அந்த வரியை எளிமையாக எழுதிவிட்டு, அவள் அதற்கப்புறம் உப்பும் மிளகாயும் எடுக்கப் போவதை ஒரு சொல்கூடக் குறைக்காமல் விட்டேன். சுற்றிப் போடுகிற கை, விட்டுப்போன பாதியைச் சொல்லிவிடும். 'உப்பு உறைப்பெல்லாம் சரியா இருக்கு' என்பதும் இப்படித்தான். ஆங்கிலத்தில் பரிசோதகர் அறிக்கை மாதிரி இருக்கும். குறை சொல்லியே பழகிய மாமியார் அதைச் சொன்னால் அது பட்டம் கொடுப்பதற்குச் சமம் என்பது, அவள் முன்பு என்னென்ன குறை சொன்னாள் என்பதை நீ ஒன்றுவிடாமல் கொண்டுபோயிருந்தால்தான் தெரியும்.

10. எழுதியதை ஒரு ஆளிடம் சொல்லிப் பார். படித்துக் காட்டாதே, சொல். வீட்டில் சமைத்தவரிடம் சாப்பிட்டு முடித்ததும் உன் வாக்கியத்தைச் சொல். அவர் சிரித்தால் அது கூடுதல். 'என்ன, பணம் ஏதும் வேணுமா?' என்றால் அது முகஸ்துதி. 'நேத்தை விடப் பரவால்லையா?' என்று அவர் சமையலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் வாக்கியம் சரி. தோற்றத்தைப் பற்றிய வரிகளை இப்படிச் சோதிக்க நான் நாற்பது வருஷமாக உன் பெரியப்பாவைப் பயன்படுத்தி வந்தேன். 'சட்டை உங்களுக்குப் பொருந்துது' என்றால் 'காலர் கிழிஞ்சிருக்கு பாரு' என்பார். 'வசீகரமாக இருக்கிறீர்கள்' என்று ஒருநாள் சொன்னேன். பேனாவை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டுப் போய்ப் படுக்கச் சொன்னார்.

இனி உன் முதல் பக்கத்துக்கு வருவோம். 'டுநைட்' என்பதை 'இன்றிரவு' என்று எழுதியிருக்கிறாய். அவர்கள் புறப்படுவது இரவுதான் என்று வாசகருக்குத் தெரியும், அதை எடுத்துவிடு. 'இன்னைக்கு' என்றும் போடாதே, 'அப்போ நேத்து?' என்று அவள் கேட்டுவிடுவாள். 'நீ' வேண்டாம், அறையில் வேறு யாரும் இல்லை. 'மிகவும்' போயிற்று, 'காணப்படுகிறாய்' போயிற்று. மிச்சம் 'அழகா இருக்கே'. கணவன் மனைவி, தனி அறை. இங்கே பொன்னை எடுத்து வைக்கலாம். ஆனால் மூன்றாம் பக்கத்தில் அவர்கள் காரில் ஒரு வார்த்தை பேசாமல் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். இதைச் சொல்லும்போது அவன் அவளைப் பார்த்தானா, கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே சொன்னானா? ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து அந்த வரிக்கு மேலே இருக்கிற வரியைப் படி. கடிகாரம் இருந்தால் 'நல்லாத்தான் இருக்கு, கிளம்பு' என்று எழுதி அனுப்பு.

அன்புடன்,
பெரியம்மா